பாண்டு எந்த நாளில் தொடங்குகிறது?

படிப்பு விடுப்புக்காக அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கும் பணிப் பத்திரமான பாண்டில் கையெழுத்துப் போட்ட அன்று நான் சரிபார்த்தது இரண்டே விஷயங்கள்தான். என் பெயரில் எழுத்துப்பிழை இல்லையா, விடுப்பு தொடங்கும் தேதி சரியா. மீதி நான்கு பக்கங்களையும் புரட்டியபடி, அடையாளமிட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். படிக்க இடம் கிடைத்துவிட்டது, சம்பளத்தோடு 18 மாத விடுப்பும் கிடைத்துவிட்டது, திரும்பி வந்து 36 மாதம் வேலை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு. அந்த 36 மாதம் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும் என்ற கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்த நாளிலிருந்துதான், வேறெப்படி இருக்க முடியும்?

பத்திரத்தில் இருந்த வரி இது: "படிப்பை நிறைவு செய்த நாளிலிருந்து 36 மாதங்கள் தொடர்ந்து பணிபுரிவேன்."

விடுப்பு முடிந்த மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டேன். ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. இரவுகளில் உட்கார்ந்து எழுதி, இரண்டு மாதத்தில் சமர்ப்பித்தேன். பிறகு தேர்வாளர்களின் அறிக்கை, வாய்மொழித் தேர்வு, திருத்தம், முடிவு அறிவிப்பு. எல்லாம் முடிந்தபோது நான் வேலையில் சேர்ந்து 11 மாதம் ஆகியிருந்தது. சான்றிதழ் நகலை அலுவலகத்தில் கொடுத்தேன். கோப்பில் வைத்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

சேர்ந்து சரியாக 36 மாதம் முடிந்த வாரத்தில் விலகல் கடிதம் கொடுத்தேன். என் கணவருக்கு வேறு ஊரில் வேலை, மகளைப் பள்ளியில் சேர்க்கும் வயது, அங்கே எனக்கும் ஒரு வேலை தயாராக இருந்தது. நான்காம் நாள் பதில் வந்தது. பாண்டின்படி என் பணிக்காலம் 25 மாதம்தான் ஆகியிருக்கிறது, பாக்கி 11 மாதம், இப்போதே விலகினால் விடுப்பு ஊதியமும் கட்டணமும் முழுவதுமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். 25 மாதம் வேலை பார்த்ததற்கு எந்தக் கழிவும் கிடையாது.

விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மகள் தன் அப்பாவோடு போனாள். அந்தப் 11 மாதம் நான் மட்டும் இங்கே இருந்தேன். "படிப்பை நிறைவு செய்த" என்பது வகுப்பு முடிந்ததைக் குறிக்கிறதா, ஆய்வேடு சமர்ப்பித்ததையா, பட்டம் வந்ததையா என்று வாதாட இடம் இருந்தது உண்மைதான். ஒப்பந்தத்தில் பொருள் தெளிவில்லாத சொல்லை, அதை எழுதிய தரப்புக்கு எதிராகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கோட்பாடு பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. ஆனால் 11 மாதத்துக்காக எந்த ஊழியர் வழக்குப் போடுவார்? வழக்கு முடிவதற்குள் பாண்டே முடிந்துவிடும். தெளிவில்லாத சொல்லின் பலன் நடைமுறையில் கோப்பைக் கையில் வைத்திருப்பவருக்கே போகிறது.

பிறகு என் கணவர் இந்த ஊருக்கே மாற்றலாகி வந்துவிட்டதால், விலக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. சில ஆண்டுகளில் நான் நிர்வாகப் பிரிவுக்கு மாறினேன். விடுப்பு, பத்திரம், ஜாமீன் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகின்றன. பாண்டு மாதிரிகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். எழுதும் முறை இடத்துக்கு இடம் மாறும். ஆட்களை மாட்டவைக்கும் இடங்கள் மட்டும் பெரிதாக மாறுவதில்லை.

போன ஆண்டு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். முழுச் சம்பளத்தோடு 24 மாதம் விடுப்புக் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறான்.

"அக்கா, உறுதிமொழி லெட்டர் எழுதிட்டேன். ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

"லெட்டர் அப்புறம் பாக்கலாம். பாண்டு நகல் இருக்கா?"

"அது லீவு கிடைச்சப்புறம் கையெழுத்துப் போடறப்பதானே தருவாங்க?"

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பாண்டு நம் கைக்கு வரும்போது படிப்பில் இடம் உறுதியாகியிருக்கும், முன்பணம் கட்டியிருப்போம், சேர வேண்டிய நாளுக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். அந்த நிலையில் ஒரு சொல்லை மாற்றித் தாருங்கள் என்று கேட்கத் தெம்பு இருக்காது. கேட்டாலும், மாற்றுவதற்கு மேலே ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு நேரமில்லை என்று பதில் வரும். அதனால் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே பாண்டின் வெற்றுப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். அது ரகசிய ஆவணம் அல்ல. கேட்டால் கொடுப்பார்கள். பெரும்பாலோர் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

படிவத்தை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம். முதலில் தேடச் சொன்னது, காலம் தொடங்கும் நாள்.

தொடக்க நாளை மூன்று விதமாக எழுதுவார்கள். மீண்டும் பணியில் சேர்ந்த நாள், படிப்பு நிறைவடைந்த நாள், பட்டச் சான்றிதழை அலுவலகத்தில் சமர்ப்பித்த நாள். முதலாவது நம் கையில் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் ஒரு தேதி விழும், அதை யாரும் மறுக்க முடியாது. மற்ற இரண்டும் கல்வி நிறுவனத்தின் வேகத்தைப் பொறுத்தவை. தேர்வு முடிவு தாமதமானால், தேர்வாளர் ஒருவர் அறிக்கை அனுப்பாவிட்டால், பட்டமளிப்பு விழா தள்ளிப்போனால், அத்தனை நாளும் நம் பணிக்காலத்தில் சேராது. வேலை பார்த்துக்கொண்டே இருப்போம், கணக்கு மட்டும் ஓடாது. ஆய்வேடு உள்ள படிப்புக்குப் போகிறவர்கள் இந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தாலும் தகும். பாடத் தேர்வு மட்டும் உள்ள படிப்பில் இந்த இடைவெளி சில வாரங்களோடு போகலாம். ஆய்வேடு என்றால் மாதங்கள்.

தொடங்கும் நாளைப் போலவே, இடையில் கணக்கு நிற்கும் நாட்களையும் பார்க்க வேண்டும். தம்பியின் படிவத்தில் "தொடர்ந்து" என்று ஒரு சொல் இருந்தது. "தொடர்ந்து பணிபுரிவேன்." சம்பளமில்லா விடுப்பில் 2 மாதம் போனால் அது தொடர்ச்சி அறுந்ததாகுமா? மகப்பேறு விடுப்பு? நீண்ட மருத்துவ விடுப்பு? வேறு பிரிவுக்கோ துணை நிறுவனத்துக்கோ அயற்பணியில் போனால்? சில இடங்களில் சம்பளமுள்ள விடுப்பைப் பணிக்காலமாகவே எடுத்துக்கொண்டு, சம்பளமில்லா நாட்களை மட்டும் கடைசியில் கூட்டுவார்கள். இது நியாயமான முறை. அபூர்வமாகச் சில படிவங்களில், தொடர்ச்சி அறுந்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று பொருள் கொள்ளும்படி எழுதியிருப்பார்கள். "தொடர்ந்து" என்ற சொல் இருந்து, அதற்கு விளக்கம் இல்லையென்றால் கேட்டே ஆக வேண்டும். பிள்ளை பெறும் வயதில் படிக்கப் போகும் பெண்களை இது நேரடியாகத் தாக்கும். அவர்களில் பலர் இதைக் கேட்கக் கூச்சப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கூச்சப்பட வேண்டாம். விதியில் உள்ள ஒரு சொல்லுக்குத்தானே விளக்கம் கேட்கிறோம்.

அடுத்து, பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் புரியும். தொகையை மாதச் சம்பளத்தால் அளந்தோம், எண்கள் சின்னதாக இருக்கும் என்று. விடுப்பு ஊதியம் 24 மாதச் சம்பளம். நிறுவனம் கட்டும் படிப்புக் கட்டணம் ஏறத்தாழ 10 மாதச் சம்பளத்துக்குச் சமம். மொத்தம் 34. பாண்டு 48 மாதம்.

"36 மாசம் வேலை பாத்துட்டு நீ கெளம்புறன்னு வையி. பாக்கி எவ்வளவு?"

"12 மாசம். நாலுல ஒரு பங்கு. 34-ல நாலுல ஒரு பங்குன்னா எட்டரை மாசச் சம்பளம்."

"அது விகிதாசாரம்னு எழுதியிருந்தா. இதுல என்ன எழுதியிருக்கு?"

அவன் விரலை வைத்துப் படித்தான். "மேற்படி காலம் நிறைவடைவதற்கு முன் விலகினால், செலவிடப்பட்ட தொகை முழுவதையும்." எட்டரைக்குப் பதில் 34. நான்கு மடங்கு. அந்த வரியின்படி, 47 மாதம் வேலை பார்த்துவிட்டு 48-ஆவது மாதத்தில் விலகினாலும் 34 மாதச் சம்பளம்தான். இப்படி எழுதியிருக்கும் இடத்தில், கடைசி மாதம் முடியும்வரை ஊழியரின் சுமை ஒரு துளியும் குறைவதில்லை.

தொகையைச் சொல்லும் பிரிவில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று வட்டி. வட்டி உண்டா என்பதை மட்டும் பார்த்தால் போதாது, எந்த நாளிலிருந்து என்று பார்க்க வேண்டும். விலகிய நாளிலிருந்து என்றால், உடனே கட்டுகிறவருக்குப் பெரிய பாரமில்லை. பணம் வழங்கப்பட்ட நாளிலிருந்து என்றால், தம்பி 36 மாதம் கழித்து விலகும்போது அவனுடைய முதல் மாத விடுப்பு ஊதியத்துக்கு ஏறத்தாழ 5 ஆண்டு வட்டி ஏறியிருக்கும். 10 விழுக்காடு தனிவட்டி என்று வைத்துக்கொண்டால், ஒரு மாதச் சம்பளம் ஒன்றரை மாதச் சம்பளமாகிவிடும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதேயில்லை. திருப்பிக் கட்ட வேண்டியது மொத்தச் சம்பளமா, கைக்கு வந்த சம்பளமா? விடுப்புக் காலத்திலும் வரியும் மற்றவையும் பிடித்துக்கொண்டுதான் பணம் வரும். ஐந்தில் ஒரு பங்கு பிடித்தம் என்றால், 24 மாதத்தில் கைக்கு வந்தது ஏறத்தாழ 19 மாதச் சம்பளம். கட்டச் சொல்வது 24. கண்ணால் பார்க்காத ஏறத்தாழ 5 மாதச் சம்பளத்தைக் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கட்டிய வரியை வரித்துறையிடமிருந்து திரும்பப் பெற வழி இருக்கிறதா என்பது அந்தந்த நாட்டு விதியைப் பொறுத்தது, ஆண்டுகள் கடந்துவிட்டால் சிக்கல் கூடும். "கைக்கு வந்த தொகை" என்று ஒரு சொல் பாண்டில் இருந்தால் இந்தப் பிரச்சினையே எழாது.

இங்கிலாந்துச் சட்ட மரபைப் பின்பற்றும் பல நாடுகளில், ஒப்பந்தத்தை மீறினால் கட்ட வேண்டிய தொகை உண்மையான இழப்போடு ஒப்பிட முடியாத அளவுக்கு இருந்தால், அதைத் தண்டமாகக் கருதி நீதிமன்றம் குறைக்கவோ தள்ளவோ இடமுண்டு. எவ்வளவு தூரம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. இதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். நீதிமன்றம் போவதற்குள் கடைசிச் சம்பளம், பணிக்கொடை, விடுவிப்புக் கடிதம் எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். பல இடங்களில் புது வேலைக்கு அந்தக் கடிதம் இல்லாமல் போக முடியாது. அதனால் பெரும்பாலோர் கேட்ட தொகையைக் கட்டிவிட்டு வெளியே வருகிறார்கள்.

தம்பி கடைசியாகக் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "அவங்களே என்னை அனுப்பிட்டா?" படிவத்தில் "எக்காரணத்தாலும் பணியிலிருந்து விலக நேர்ந்தால்" என்று இருந்தது. விலக நேர்ந்தால் என்பதில் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்வதும் அடங்கும், வேலை செய்ய முடியாத உடல்நிலை வருவதும் அடங்கும், திரும்பி வந்தபோது அந்தப் பதவியே இல்லாமல் போயிருப்பதும் அடங்கும். "எக்காரணத்தாலும்" என்பதை "ஊழியர் தாமாக விலகினால், அல்லது ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டால்" என்று மாற்றினால் போதும். இந்தத் திருத்தத்தைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஆட்குறைப்புச் செய்துவிட்டு ஊழியரிடம் படிப்புச் செலவையும் கேட்பது நியாயம் என்று எழுத்தில் சொல்ல எந்த அதிகாரிக்கும் மனம் வராது. படிவத்தை யாரோ எப்போதோ எழுதி வைத்தார்கள், பிறகு யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் பல இடங்களில் உண்மை.

இவற்றை எல்லாம் எழுத்தில் கேட்கச் சொன்னேன். நிர்வாகப் பிரிவில் நானே உட்கார்ந்திருக்கும்போது ஏன் எழுத்தில் என்று அவனுக்குச் சந்தேகம். நான் சொல்வது என் கருத்து, நான் மாற்றலாகிப் போனால் அது என்னோடு போய்விடும். மின்னஞ்சலுக்கு வரும் பதில் கோப்பில் இருக்கும். கடிதம் குறை சொல்லும் தொனியில் இருக்கக் கூடாது, கேள்விகள் ஆம் இல்லை என்று பதில் சொல்லக் கூடியவையாக இருக்க வேண்டும். அவன் அனுப்பியது இவ்வளவுதான்:

"படிப்பு விடுப்புக்கு விண்ணப்பிக்க உள்ளேன். பணிப் பத்திரத்தின் மாதிரிப் படிவத்தைப் படித்தேன். மூன்று விளக்கங்கள் தேவை. பிரிவு 4-இல் உள்ள 48 மாதங்களை, நான் மீண்டும் பணியில் சேரும் நாளிலிருந்து கணக்கிடலாமா? சம்பளத்துடன் கூடிய விடுப்பு நாட்கள் அந்த 48 மாதங்களில் சேருமா? பிரிவு 6-இன்படி செலுத்த வேண்டிய தொகையை, பணிபுரியாத மாதங்களின் விகிதத்தில், கைக்குப் பெற்ற ஊதியத்தின் அடிப்படையில் கணக்கிட இயலுமா? இயலுமாயின், பத்திரத்தில் அவ்வாறே குறிப்பிட வேண்டுகிறேன்."

"எக்காரணத்தாலும்" என்பதற்கான திருத்தத்தைத் தனியாக நேரில் போய்ப் பேசினான். ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் அடுக்கினால், படிக்கிறவர் இவன் போவதற்கு முன்பே விலகக் கணக்குப் போடுகிறான் என்று நினைத்துவிடுவார். இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு, கொஞ்சம் உண்மையும் கூட. அதனால்தான் கேள்விகளையும் உறுதிமொழியையும் ஒன்றாகச் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. கேள்வியில் கறாராக இருந்தால் உறுதிமொழியிலும் அதே கறார் தெரிய வேண்டும். அப்போது இவன் சொன்னதைச் செய்கிறவன், அதனால்தான் சொல்வதற்கு முன் கேட்கிறான் என்று படும்.

இனி அவன் எழுதி வந்த கடிதம். முக்கியமான பத்தி இது:

"இந்த அரிய வாய்ப்பை எனக்கு அளித்தால், படிப்பை வெற்றிகரமாக முடித்துப் பட்டத்துடன் திரும்பி வந்து, எந்தச் சூழ்நிலையிலும் நிறுவனத்தை விட்டு விலகாமல் குறைந்தது 5 ஆண்டுகள் உண்மையாக உழைப்பேன் என்று உறுதி கூறுகிறேன்."

மனதிலிருந்து எழுதியதுதான். ஆனால் பாண்டின் கடைசிப் பக்கத்தில், விண்ணப்பமும் அதன் இணைப்புகளும் இந்தப் பத்திரத்தின் பகுதியாகக் கருதப்படும் என்று ஒரு வரி இருந்தது. இப்படி ஒரு வரி உள்ள இடத்தில் உறுதிமொழிக் கடிதம் வெறும் கடிதமாக நிற்பதில்லை, ஒப்பந்தத்தின் இன்னொரு பக்கமாகிவிடுகிறது. பென்சிலை எடுத்து மூன்று இடத்தில் அடிக்கோடிட்டேன்.

"5 ஆண்டுகள்." பாண்டு கேட்பது 4. இவனாக ஓர் ஆண்டைக் கூட்டியிருக்கிறான். கேட்டதற்கு, அப்படி எழுதினால் குழு மகிழும் என்று யாரோ சொன்னார்களாம். குழுவில் இருப்பவர்கள் நாளை மாறிவிடுவார்கள், தாள் மாறாது. பாண்டில் உள்ள காலத்தை வேறு எண்ணால் சொல்லவே கூடாது. முடிந்தால் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு அதன்படி என்று எழுதுவது நல்லது. ஒரே விஷயத்தை இரண்டு தாளில் இரண்டு விதமாக எழுதினால், தகராறு வரும் நாளில் எது செல்லும் என்பதே தனித் தகராறாகிவிடும்.

"பட்டத்துடன் திரும்பி வந்து." என்னை 11 மாதம் கட்டிப்போட்ட அதே முடிச்சை, பாண்டு போடாவிட்டாலும் இவன் தன் கையாலேயே போட்டுக்கொள்கிறான். பட்டம் தருவது கல்வி நிறுவனம். நம் கையில் உள்ளவை சேர்வது, படிப்பது, தேர்வு எழுதுவது, ஆய்வேடு சமர்ப்பிப்பது, குறித்த நாளில் திரும்பி வருவது. இவற்றுக்குத்தான் உறுதி கொடுக்க முடியும். தேர்ச்சிக்கும் பட்டத்துக்கும் கொடுக்க முடியாது.

"எந்தச் சூழ்நிலையிலும்." ஆட்குறைப்பு, நோய் போன்ற விதிவிலக்குகளைக் கேட்டு வாங்கிவிட்டு, கடிதத்தில் இந்த இரண்டு சொல்லால் அவற்றை விட்டுக்கொடுப்பதா? "ஒருபோதும்", "நிபந்தனையின்றி", "வாழ்நாள் முழுவதும்" எல்லாம் இதே வகைதான்.

இதைச் சொன்னதும் அவன் மறுபக்கம் சாய்ந்துவிட்டான். "அப்ப, திரும்பி வந்து பணிபுரிய விரும்புகிறேன்னு எழுதிடவா?" அது வேண்டாம். விரும்புகிறேன், முயல்வேன், வாய்ப்பிருந்தால் என்று எழுதிய விண்ணப்பங்கள் என் மேசைக்குத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன், ஓரத்தில் "திரும்பி வரும் எண்ணம் தெளிவாக இல்லை" என்ற குறிப்போடு. 24 மாதம் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்துச் சம்பளமும் கொடுக்கிறவர்கள் உறுதியான வினைமுற்றைத்தான் எதிர்பார்ப்பார்கள். சேர்வேன், பணிபுரிவேன், செலுத்துவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியோ, தேதியை நிர்ணயிக்கும் நிகழ்ச்சியோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

மதிய இடைவேளையில் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியதும், இதைச் செய்வது முழுக்க உன் கையில் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லையென்றால் மாற்றுவோம். கடைசியில் வந்தது:

"எனக்கு அனுமதிக்கப்படும் விடுப்பு முடியும் நாளுக்கு அடுத்த பணிநாளில், தேர்வு முடிவோ பட்டச் சான்றிதழோ வெளிவந்திருந்தாலும் வராவிட்டாலும், பணியில் மீண்டும் சேர்வேன். படிப்பு அதற்கு முன்பே முடிந்தால், முடிந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சேர்வேன். மீண்டும் சேரும் நாளிலிருந்து, பணிப் பத்திரத்தின் பிரிவு 4-இல் கண்டுள்ள காலம் முழுவதும் பணிபுரிவேன். அக்காலம் முடியும் முன் நானாக விலகினால், பிரிவு 6-இல் கண்டுள்ள தொகையைச் செலுத்துவேன். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் படிப்பின் முன்னேற்றத்தை எழுத்தில் தெரிவிப்பேன். படிப்புக் காலம் நீளும் நிலை வந்தால், விடுப்பு முடிவதற்கு 60 நாட்களுக்கு முன் விண்ணப்பிப்பேன். அனுமதி கிடைக்காவிட்டால் முன்குறித்த நாளிலேயே திரும்புவேன்."

கடைசி வாக்கியத்தில் அவன் கொஞ்ச நேரம் தயங்கினான். அனுமதி கிடைக்காமல், படிப்பும் முடியாமல் திரும்ப வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற தயக்கம். நியாயமான தயக்கம்தான். ஆனால் விடுப்பு முடிந்தும் திரும்பாமல் இருப்பதைப் பெரும்பாலான பாண்டுகள் அனுமதியில்லாத வருகையின்மையாக எடுத்துக்கொண்டு, முழுத் தொகையையும் கேட்கும். அதைவிட, திரும்பி வந்து வேலை பார்த்துக்கொண்டே மீதியை முடிப்பது மேல். நான் கடைசி அத்தியாயத்தை அப்படித்தான் முடித்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை, அந்த மாதங்கள் கணக்கில் வராமல் போனதில்தான் வருத்தம்.

படிப்பால் நிறுவனத்துக்கு என்ன பயன் என்ற பத்தியும் இதே சோதனைக்குத் தப்பவில்லை. "ஆய்வுக்கூடத்தை நவீனமாக்குவேன்" என்று எழுதியிருந்தான். அதை எடுத்துவிட்டு, இப்போது வெளியே அனுப்பிச் செய்யப்படும் மூன்று சோதனைகளின் பெயரை எழுதி, "திரும்பிய முதல் 6 மாதத்தில் இவற்றை இங்கேயே செய்வதற்கான செய்முறை வரைவைத் தயாரித்துத் தருவேன்" என்று மாற்றினோம். சோதனைகளை இங்கே தொடங்குவேன் என்று எழுதவில்லை. கருவி வாங்குவது அவன் கையில் இல்லை. வரைவு எழுதுவது இருக்கிறது. குழு இந்த வரியைத்தான் வாய்விட்டுப் படித்தது என்று பிறகு சொன்னான்.

ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் "மீண்டும் சேரும் நாளிலிருந்து" என்று எழுதிவிட்டதால் மட்டும் பாண்டு மாறிவிடாது. பாண்டில் "பட்டம் பெற்ற நாளிலிருந்து" என்று இருந்தால் அதுதான் நிற்கும். அதனால்தான் மின்னஞ்சல் முதலில், கடிதம் அப்புறம். அவனுக்குப் பதில் வர மூன்று வாரம் ஆனது. முதல் இரண்டு கேள்விக்கும் ஆம். விகிதாசாரத்துக்கும் ஆம், ஆனால் முதல் 12 மாதத்துக்குள் விலகினால் முழுத் தொகை. கைக்குப் பெற்ற ஊதியம் என்பதை ஏற்கவில்லை. அதோடு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டான். கேட்டதில் பெரியவை கிடைத்துவிட்டன, கிடைக்காததன் அளவு இப்போது உனக்குத் தெரியும், ஏறத்தாழ 5 மாதச் சம்பளத்துக்கு மேல் போகாது, அதுவும் விலகினால்தான், மாதம் ஏற ஏறக் குறையும் என்றேன். விண்ணப்பித்தான்.

விடுப்பு கிடைத்ததும் பாண்டோடு வந்தான். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். ஒருவர் அவன் பிரிவில் உள்ள மூத்தவர். இன்னொருவராக என்னைக் கேட்டான்.

எனக்கு ஜாமீன் போட்டவர் நினைவுக்கு வந்தார். என் பிரிவில் தலைமை எழுத்தராக இருந்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கேட்டவுடன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஜாமீன் பக்கத்தில் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று இருந்ததை நாங்கள் இருவருமே படிக்கவில்லை. நான் கட்டாவிட்டால் மொத்தத் தொகையையும் அவர் ஒருவரிடமிருந்தே வாங்கலாம், இன்னொரு ஜாமீன்தாரரிடம் பாதி கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்பது அதன் பொருள். நான் கூடுதலாக இருக்க வேண்டி வந்த அந்தப் 11 மாதத்துக்குள்தான் அவர் ஓய்வு பெற்றார். என் பாண்டு முடியவில்லை என்பதால் அவருடைய நிலுவையின்மைச் சான்று நின்றது. வேறொருவர் ஜாமீன் மாற்றிக் கையெழுத்துப் போடும்வரை, இரண்டு மாதம், அவருடைய ஓய்வுப் பணம் வரவில்லை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "ஆபீஸ்ல அப்படித்தாம்மா, வந்துரும்" என்றார். இன்றும் அவரைப் பார்க்கும்போது அந்த இரண்டு மாதம் என் நினைவுக்கு வரும்.

தம்பி கொண்டு வந்த பாண்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பிரிவு 4-இல் "மீண்டும் பணியில் சேர்ந்த நாளிலிருந்து" என்று தட்டச்சாகியிருந்தது. வெற்றிடம் எதுவும் நிரப்பாமல் விடப்படவில்லை, விடுப்பு தொடங்கும் தேதி, முடியும் தேதி, கட்டணத் தொகை எல்லாம் இருந்தன. ஜாமீன் பக்கத்தில் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" அப்படியே இருந்தது, அதை எடுக்க மறுத்துவிட்டார்களாம். ஆனால் அதன் கீழே, நான் சொல்லிக் கொடுக்காத ஒரு வாக்கியம் புதிதாக இருந்தது: ஜாமீன்தாரரில் எவரேனும் ஓய்வு பெற்றால், ஓய்வு நாளுக்கு 3 மாதம் முன்பே விடுப்புப் பெற்றவர் மாற்று ஜாமீன்தாரரை அளிக்க வேண்டும், அளித்த நாளோடு முன்னவரின் பொறுப்பு தீரும்.

"இதை எப்படிடா சேத்தாங்க?"

"மூத்தவருக்கு இன்னும் மூணு வருஷம்தான் அக்கா சர்வீஸ் இருக்கு. அதைச் சொல்லித்தான் கேட்டேன்."

பேனாவை எடுத்தேன்.